தலையாட்டினால் சம்மதமா? உடந்தையும் குற்றச் சதியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலையிடத்து மோசடியைப் பற்றி நம் நிகழ்ச்சியில் பேசிய ஒவ்வொரு முறையும், தொலைபேசியில் வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "நான் காசு எடுக்கலைங்க. கையெழுத்துதான் போட்டேன். என்னையும் ஏன் பிடிச்சாங்க?" கேட்பவர் பெரும்பாலும் தம்மைப் பற்றிக் கேட்க மாட்டார். அண்ணன் மகன், மச்சான், பக்கத்து வீட்டுப் பெண் என்று யாரையாவது சொல்லித்தான் ஆரம்பிப்பார். நீதிமன்றத்தில் படித்துக் காட்டப்பட்ட குற்றப்பத்திரிகையில் 'பெர்சுபஹாட்' என்று ஒரு சொல் இருந்ததாம், அதற்கு என்ன அர்த்தம் என்பார். உடந்தை என்பதுதான் அர்த்தம். ஆனால் எந்த வகை உடந்தை என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

நான் வழக்கறிஞர் இல்லை. இந்த உரைக்காக மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 107ஆம் பிரிவு முதல் 120B வரை பலமுறை படித்தேன். அதில் விளங்கிக் கொண்டதை ஒரு கதையாக உங்கள் முன் வைக்கிறேன். கதை கற்பனை. அதில் வருகிற வேலை முறைகள் கற்பனையல்ல. தொழிற்சாலையிலோ கிடங்கிலோ வேலை பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டு கொள்வீர்கள்.

கிள்ளான் பக்கம் ஒரு லோரி போக்குவரத்து நிறுவனம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். மாதா மாதம் டயர் வாங்குவார்கள். வாங்குவதற்கு ஒரு கொள்முதல் அதிகாரி. பொருளை எண்ணி இறக்கி, டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போட ஒரு ஸ்டோர்க்காரர். கொள்முதல் ஆணை, டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பணத்துக்கு ஏற்பாடு செய்யக் கணக்குப் பிரிவில் ஒரு பெண். வெளியே, டயர் கடை முதலாளி. ஆட்களுக்குப் பெயர் வேண்டாம், வேலையைச் சொல்லியே கூப்பிடுவோம்.

ஒரு நாள் கொள்முதல் அதிகாரியும் டயர் கடை முதலாளியும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மாதம் 40 டயருக்கு ஆணை போடுவது, 28 மட்டும் அனுப்புவது, பில் மட்டும் 40க்குப் போடுவது. ஒரு டயர் 900 வெள்ளி. வராத 12 டயருக்கு 10,800 வெள்ளி. ஆளுக்குப் பாதி, 5,400. ஏழு மாதம் ஓடுகிறது. நிறுவனம் இழந்தது 75,600 வெள்ளி.

நிறுவனத்தை ஏமாற்றி அதன் பணத்தைக் கைமாற வைத்ததால் இது 420ஆம் பிரிவில் வரும் மோசடி. குறைந்தது ஓராண்டு, கூடியது பத்தாண்டு சிறை, பிரம்படி, அபராதம். பொய்ப் பத்திரம் தயாரித்ததற்கு 477A வேறு உண்டு. கொள்முதல் அதிகாரி வாங்கிய பங்குக்காக ஊழல் தடுப்பு ஆணையமும் வரலாம். அவற்றை இன்று விட்டு விடுவோம். 420ஐ மட்டும் வைத்துக் கொண்டு, யார் எந்தக் கதவு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறார் என்று பார்ப்போம்.

சட்டம் 107ஆம் பிரிவில் உடந்தைக்கு மூன்று கதவுகள் வைத்திருக்கிறது. ஒருவரைத் தூண்டுவது முதல் கதவு. மற்றவரோடு சேர்ந்து சதியில் ஈடுபட்டு, அந்தச் சதியைத் தொடர்ந்து ஏதாவது ஒரு செயல் நடந்திருப்பது இரண்டாவது. வேண்டுமென்றே உதவி செய்வது மூன்றாவது. இவை போதாதென்று 120A பிரிவு குற்றச் சதி என்று ஒரு தனிக் குற்றத்தையும் சொல்கிறது. நம் சட்டத்துக்கு மூலமாக இருந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்தத் தனிக் குற்றம் முதலில் இல்லை. 1913இல்தான் சேர்த்தார்கள். அதனால்தான் 120க்கும் 121க்கும் நடுவே எழுத்தோடு ஒட்டிக் கொண்டு நிற்கிறது.

இரண்டு இடத்திலும் 'சதி' வருகிறதே, என்ன வேறுபாடு என்று நானும் குழம்பினேன். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டுக் கடைக்கே திரும்பப் போவோம்.

இருவரும் பேசி முடித்து, "சரி, அடுத்த மாதம் ஆரம்பிப்போம்" என்று எழுந்து விட்டார்கள். இன்னும் ஒரு பில்லும் அச்சாகவில்லை. ஒரு டயரும் குறையவில்லை. அந்த நிமிடத்தில் 107ஆம் பிரிவின் சதிக் கதவு திறக்காது. சதியைத் தொடர்ந்து ஒரு செயலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதோ நடந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. 120A அப்படிக் கேட்பதில்லை. உடன்பாடு ஒரு குற்றத்தைச் செய்வதற்காக என்றால், அந்த உடன்பாடே குற்றம். காபிக் கோப்பையைக் கீழே வைக்கும்போதே குற்றம் முழுமை பெற்று விட்டது. மறுநாள் முதலாளி 40 என்று போட்டு ஒரு பொய் டெலிவரி ஆர்டரை அச்சடித்தார் என்றால், இப்போது 107இன் கதவும் திறந்து விடுகிறது.

ஒரு விலக்கு இருக்கிறது. உடன்பாடு ஒரு குற்றத்துக்காக இல்லாமல், வேறு வகையில் சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்காக, எடுத்துக்காட்டாக சிவில் வழக்குக்கு மட்டுமே இடம் கொடுக்கும் ஒன்றுக்காக, என்றால் பேச்சு மட்டும் போதாது. யாராவது ஒருவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். அதற்குத் தண்டனையும் சிறியது, ஆறு மாதம் வரை.

நம் கதையில் குற்றம் பெரியது. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்காகச் சதி செய்தவரை, அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவரைப் போலவே தண்டிக்கலாம் என்கிறது 120B. ஆக, இரண்டு பாதையும் கடைசியில் ஒரே அட்டவணைக்குத்தான் போய்ச் சேருகின்றன. மோசடி நடந்து முடிந்திருந்தால் 109ஆம் பிரிவு, அதாவது மோசடி செய்தவருக்கு உள்ள அதே தண்டனை. நடக்காமலேயே பிடிபட்டால் 116ஆம் பிரிவு, உச்ச சிறைக் காலத்தில் நான்கில் ஒரு பங்கு வரை. பத்தாண்டில் கால் பங்கு இரண்டரை ஆண்டு. "ஒண்ணுமே நடக்கலையே" என்பவருக்கு இரண்டரை ஆண்டு சின்னக் காலமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்போது உடன்பாட்டுக்கு வருகிறேன். எதை நிரூபிக்க வேண்டும்?

சாப்பாட்டுக் கடையில் இவர்கள் பேசியதை யாரும் பதிவு செய்யவில்லை. சதி செய்பவர்கள் ஒப்பந்தம் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதில்லை என்பது நீதிமன்றங்களுக்கும் தெரியும். எனவே நடந்தவற்றிலிருந்து ஊகித்தறிய இடம் உண்டு. ஏழு மாதமும் 12 டயரே குறைகிறது, ஒரு மாதம் 11, ஒரு மாதம் 13 என்று இல்லை. நிறுவனம் முதலாளிக்குப் பணம் போட்ட மறுநாளே கொள்முதல் அதிகாரியின் கணக்கில் 5,400 பேங்க் இன் ஆகிறது. ஆணை போகும் நாளில் வாட்ஸ்அப்பில், "இந்த மாசமும் அதே தான் பாஸ்" என்று ஒரு செய்தி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொல்லி விடலாம். மூன்றையும் சேர்த்து வைத்தால் வேறு விளக்கம் நிற்குமா என்பதே கேள்வி. நிற்குமானால், உடன்பாடு நிரூபணம் ஆகவில்லை.

பேசியதெல்லாம் உடன்பாடு ஆகாது என்பதையும் சொல்லி விடுகிறேன். முதலாளி, "பார்க்கலாம், யோசித்துச் சொல்றேன்" என்று எழுந்து போயிருந்தால் அது பேரம், சதி இல்லை. இருவர் மனமும் ஒரே காரியத்தில் ஒன்றாக நின்றிருக்க வேண்டும். பங்கு எவ்வளவு, எந்தத் தேதி என்பது போன்ற சில்லறை விவரங்கள் பிறகு முடிவாகலாம். 'நிறுவனத்தை ஏமாற்றி வராத டயருக்குப் பணம் வாங்குவோம்' என்ற மையத்தில் இருவரும் சம்மதித்திருந்தால் போதும்.

கொள்முதல் அதிகாரியும் முதலாளியும் எளிதான வழக்கு. அடுத்த ஆளிடம்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஸ்டோர்க்காரர் அந்த முதலாளியை நேரில் பார்த்ததே இல்லை. கொள்முதல் அதிகாரி வந்து, "அண்ணே, 40ன்னு கையெழுத்துப் போட்டுடுங்க. மாசம் முந்நூறு வெள்ளி, தே தாரிக் காசா வச்சுக்குங்க" என்கிறார். இவரும் போடுகிறார். "எனக்கு அந்த டயர் கடைக்காரர் யாருன்னே தெரியாது, அவரோடு நான் எப்படிச் சதி செய்ய முடியும்?" என்பது இவருடைய வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சட்டம் எழுதியவர்கள் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். 108ஆம் பிரிவின் ஐந்தாவது விளக்கத்தில் ஒரு நஞ்சுக் கதை இருக்கிறது. ஏ என்பவரும் பி என்பவரும் ஒருவரை நஞ்சு வைத்துக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். நஞ்சைக் கொடுக்கப் போவது ஏ. பி போய் சி என்பவரிடம் திட்டத்தைச் சொல்கிறார். யார் கொடுக்கப் போகிறார் என்ற பெயரை மட்டும் சொல்லவில்லை. சி நஞ்சு வாங்கித் தருகிறார். ஏ கொடுக்கிறார், ஆள் இறந்து போகிறார். ஏயும் சியும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. ஆனாலும் சி சதியில் ஈடுபட்டவரே, கொலைக்கு உடந்தையே. திட்டத்தின் பொதுவான நோக்கம் தெரிந்து அதில் தம் பங்கைச் செய்தால் போதும். மற்ற எல்லாருடைய முகமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆக, ஸ்டோர்க்காரர் வழக்கில் நிரூபிக்க வேண்டியது அறிமுகம் அல்ல, அறிவு. தம் கையெழுத்து எதற்குப் போகிறது என்று தெரிந்து போட்டாரா? இங்கே அவருக்கு உண்மையான ஒரு வாதம் இருக்கலாம். கிடங்கு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். "மிச்சம் அடுத்த வாரம் வரும், இப்ப முழுசுக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்று சப்ளையர்கள் கேட்பது வழக்கம். நல்லெண்ணத்தில் போட்டு விடுவதும் வழக்கம். அப்படி நம்பிப் போட்டிருந்தால் அவர் கவனக்குறைவானவர், வேலை போகலாம், ஆனால் சதிகாரர் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு ரேக்கிலும் தொங்குமே, ஸ்டாக் கார்டு, அதை எடுத்துப் பாருங்கள். டெலிவரி ஆர்டரில் 40 என்று கையெழுத்துப் போட்டவர், அதே நாளில் ஸ்டாக் கார்டில் தம் கைப்பட 28 என்று எழுதியிருக்கிறார். ஏன் அப்படி எழுதினார்? கார்டில் 40 என்று எழுதினால் மாதக் கடைசியில் எண்ணும்போது குறையும், தம் தலைக்கு வரும். கிடங்கில் மாட்டிக் கொள்ளாமலிருக்க எழுதிய உண்மைதான், நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிற்கிறது. 'மிச்சம் 12 வர வேண்டியுள்ளது' என்று கார்டில் ஒரு குறிப்பு இருந்தால் கதை மாறும். ஏழு மாதத்தில் ஒரு குறிப்பும் இல்லை, மாதா மாதம் உறை மட்டும் வருகிறது என்றால், நல்லெண்ணம் என்ற வாதம் முதல் மாதத்துக்கு நிற்கலாம். ஏழாவது மாதத்துக்கு நிற்காது.

அவர் சம்மதித்தது எதற்கு என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கொள்முதல் அதிகாரியும் முதலாளியும் டயரோடு நிற்காமல், லோரி பேட்டரியிலும் தனியாக ஒரு பொய்க் கணக்கு ஓட்டியிருக்கலாம். ஸ்டோர்க்காரருக்கு அது தெரியாது, பேட்டரி அவர் கிடங்குக்கே வருவதில்லை என்றால், அந்தச் சதியை அவர் மேல் ஏற்ற முடியாது. குற்றப்பத்திரிகையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதி என்று எழுதியிருந்தால், வழக்கறிஞர் முதலில் பிரித்துக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.

ஐந்தாவது மாதம் பயந்து நிறுத்தி விட்டார் என்று வைத்துக் கொண்டாலும், அதற்கு முன்பு நடந்தது அழியாது. உடன்பாடு முடிந்த அன்றே குற்றம் முடிந்து விட்டது என்று சொன்னேன் இல்லையா, அதன் மறுபக்கம் இது.

இப்போது கணக்குப் பிரிவுப் பெண். எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் அதிகம் பேர் இந்த இடத்தில் இருப்பவர்கள்தாம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

மூன்றாவது மாதம் அவருக்கு ஓர் ஐயம். பட்டறையில் டயர் மாற்றிய வேலைச் சீட்டுகளைக் கூட்டினால் 40 வருவதில்லை. கொள்முதல் அதிகாரியிடம் கேட்கிறார். "மேலே தெரியும்மா, நீ போட்டு விடு" என்ற பதில் வருகிறது. போட்டு விடுகிறார். காசு ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

இவர் சதியில் இருக்கிறாரா? தெரிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு. பக்கத்து மேசையில் திருட்டு நடப்பது தெரிந்து வாயை மூடிக் கொண்டிருப்பது கோழைத்தனமாக இருக்கலாம், உடன்பாடு ஆகாது. டயரை இறக்கி வைத்து விட்டுப் போன லோரி ஓட்டுநரும் தாளில் 40 என்று இருப்பதைப் பார்த்தார். பார்த்தவரெல்லாம் சதிகாரர் என்றால் கிடங்கில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். 'இதைச் செய்வோம்' என்று அவரும் மனத்தில் சேர்ந்து கொண்டார் என்பதைக் காட்ட வேண்டும். இந்தப் பெண்ணிடம் அதற்கு ஆதாரம் மெலிவு.

ஆனால் மூன்றாவது கதவை மறந்து விடாதீர்கள். வேண்டுமென்றே உதவி செய்வது என்ற அந்தக் கதவுக்கு உடன்பாடே தேவையில்லை. இன்வாய்ஸ் பொய் என்று தெரிந்து கொண்டு, அதை வைத்துப் பணம் போக ஏற்பாடு செய்தால், யாரோடும் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் அது உதவி. ஓட்டுநருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான். ஓட்டுநர் பார்த்தார். இவர் பார்த்த பிறகு ஒரு காரியம் செய்தார். அந்தக் காரியம் இல்லாமல் பணம் போகாது.

எனவே இவருடைய வழக்கு முழுவதும் ஒரு கேள்வியில் தொங்குகிறது. தெரிந்ததா, ஐயப்பட்டாரா? ஐயம் மட்டும் என்றால், விசாரிக்காமல் விட்டது கவனக்குறைவு. கவனக்குறைவால் யாரும் உடந்தை ஆவதில்லை. ஆனால் உண்மை தெரிந்து விடுமோ என்று பயந்தே கண்ணை மூடிக் கொண்டார் என்று நீதிபதிக்குத் தோன்றினால், தெரிந்தே செய்தார் என்று முடிவு கட்ட இடம் இருக்கிறது. "மேலே தெரியும்" என்ற பதிலை அவர் எப்படி எடுத்துக் கொண்டார்? முதலாளிகளே அனுமதித்த ஏதோ ஏற்பாடு என்று நம்பினாரா? அதை நம்பினால் நிறுவனம் ஏமாற்றப்படுகிறது என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அந்த நாளில் அவர் கேட்டது வாய்ப்பேச்சாக இல்லாமல், மேலதிகாரிக்கும் நகல் போட்ட ஒரு மின்னஞ்சலாக இருந்திருந்தால், அந்த நான்கு வரியே அவருக்குச் சாட்சி. வாய்ப்பேச்சாக இருந்ததால், கேட்டதை நிரூபிக்க இப்போது அவர் நம்ப வேண்டிய ஆள் அந்தக் கொள்முதல் அதிகாரிதான்.

கதையில் இன்னும் ஒரு பையன் இருக்கிறான். ஸ்டோர்க்காரரின் உதவியாளர். ஆறாவது மாதம் ஸ்டோர்க்காரர் விடுப்பில் இருந்தபோது கொள்முதல் அதிகாரி இவனிடம் வருகிறார். "தம்பி, 40ன்னு போடு, முந்நூறு உனக்கு." "வேண்டாம்ணே, எண்ணினதுதான் போடுவேன்" என்று சொல்லி விடுகிறான். இவன் குற்றவாளி இல்லை என்பது தெளிவு. இவனைக் கேட்டவர்? இங்கேதான் உடந்தைக்கும் சதிக்கும் உள்ள வேறுபாடு எனக்கு நன்றாக விளங்கியது. இருவருக்குள்ளும் உடன்பாடு இல்லை. எனவே பையனோடு சதி இல்லை. ஆனால் தூண்டுவது ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். தூண்டப்பட்டவர் மறுத்தாலும் தூண்டியவர் உடந்தைக் குற்றம் செய்தவரே என்று 108ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஒரு கை ஓசைக்கு 107இன் முதல் கதவு போதும். 120A கதவுக்கு இரண்டு கை வேண்டும்.

இதிலேயே இன்னொரு நுட்பம். பையன் மறுக்காமல், "சரிண்ணே" என்று நடித்து விட்டு நேராகப் போய் நிறுவன இயக்குநரிடம் சொல்லியிருந்தால்? வாயால் சொன்ன "சரி" உடன்பாடு ஆகாது. அவன் மனத்தில் அந்த நோக்கமே இல்லை. இந்த இருவரைத் தவிர வேறு யாரும் இல்லாத வழக்கு என்றால், சதிக் குற்றச்சாட்டு அங்கேயே விழுந்து விடும். தூண்டிய குற்றச்சாட்டு மட்டும் நிற்கும். நம் கதையில் முதலாளியோடு செய்த சதி ஏற்கெனவே இருப்பதால் கொள்முதல் அதிகாரிக்கு அந்த வழி கிடையாது.

கடைசியாக, ஆதாரத்தைப் பற்றி ஒன்று. பிடிபட்ட பிறகு கொள்முதல் அதிகாரி, "ஸ்டோர்க்காரருக்கும் எல்லாம் தெரியும், அவருக்கும் பங்கு உண்டு" என்று சொல்லி விட்டார். அதை வைத்து ஸ்டோர்க்காரரைத் தண்டிக்க முடியுமா? 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 10ஆம் பிரிவு ஒரு விசேஷமான வழி கொடுக்கிறது. பலர் சேர்ந்து சதி செய்தார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அவர்களது பொதுவான நோக்கத்தைக் குறித்து அவர்களில் ஒருவர் சொன்னது, செய்தது, எழுதியது மற்ற எல்லாருக்கும் எதிராகச் சாட்சியமாகும். முதலாளியின் கைப்பேசியில் இருந்த "ஸ்டோர்க்காரருக்கு முந்நூறு கொடுத்தாச்சு" என்ற செய்தி, அதை ஸ்டோர்க்காரர் பார்க்கவே இல்லை என்றாலும், அவருக்கு எதிராக உள்ளே வரலாம். சாதாரண வழக்கில் இப்படி வராது.

ஆனால் இந்த வழிக்கு ஒரு காலக் கெடு இருக்கிறது. அதை முடிவு செய்தது 1940இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் வந்த மிர்சா அக்பர் வழக்கு. இன்றைய பாகிஸ்தானின் பெஷாவர் பக்கத்தில் ஒரு கணவன் கொலை செய்யப்பட்டான். அவன் மனைவிக்கும் மிர்சா அக்பருக்கும் தொடர்பு. கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றார்கள் என்பது வழக்கு. கொலைக்கு முன்னால் இருவரும் எழுதிக் கொண்ட கடிதங்களில் பணம் திரட்டுவது பற்றிய பேச்சு இருந்தது. கைதான பிறகு அந்தப் பெண் மாஜிஸ்திரேட் முன்னிலையில் ஒரு வாக்குமூலமும் கொடுத்தார். கடிதங்களை ஏற்கலாம், ஏனென்றால் அவை சதி உயிரோடு இருந்தபோது அதை நடத்துவதற்காக எழுதியவை. வாக்குமூலத்தை இந்தப் பிரிவின் கீழ் ஏற்க முடியாது, ஏனென்றால் அப்போது சதி முடிந்து, அவர் நடந்ததைச் சொல்லிக் கொண்டிருக்கிறார் என்றது பிரிவி கவுன்சில். மற்ற ஆதாரங்கள் போதுமானவையாக இருந்ததால் மிர்சா அக்பர் தப்பவில்லை. ஆனால் அந்தக் கோடு நிலைத்து விட்டது. நம் 10ஆம் பிரிவும் அந்த இந்தியச் சட்டத்தின் வார்த்தைகளில் வந்ததே.

அந்தக் கோட்டை நம் கதையில் வையுங்கள். "இந்த மாசமும் அதே தான் பாஸ்" என்பது கோட்டுக்கு இந்தப் பக்கம். சதி ஓடிக் கொண்டிருக்கும்போது, சதியை ஓட்டுவதற்காக அனுப்பியது. கைதான பிறகு, "அவருக்கும் பங்கு உண்டு" என்று சொன்னது கோட்டுக்கு அந்தப் பக்கம். 10ஆம் பிரிவு அதைத் தூக்கிக் கொண்டு வராது. அரசுத் தரப்புக்கு அந்தப் பேச்சு வேண்டுமென்றால், கொள்முதல் அதிகாரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போன்ற வேறு வழிகளைத் தேட வேண்டும். அப்படி ஏறுபவர் தம் தண்டனையைக் குறைத்துக் கொள்ளப் பேசுகிறாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அதனால்தான் இத்தகைய வழக்குகளில் விசாரணை அதிகாரிகள் ஆளைப் பிடிப்பதற்கு முன்பே கைப்பேசியையும் ஸ்டாக் கார்டையும் தேடுகிறார்கள்.

ஒரு நேயர் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்த கேள்வியை இங்கேயே எடுத்துக் கொள்கிறேன். ஏழு மாதமும் முடிந்த பிறகு, கொள்முதல் அதிகாரி தம் பங்குப் பணத்தை மைத்துனரின் கணக்கில் போட்டு வைத்தார். மைத்துனர் டயர் மோசடிக்கு உடந்தையா? இல்லை. உதவி என்ற கதவு, குற்றத்துக்கு முன்போ நடக்கும்போதோ செய்த உதவிக்குத்தான் திறக்கும். முடிந்த பிறகு கை கொடுத்தவர் அந்தக் கதவு வழியாக வர மாட்டார். ஆனால் பணத்தின் மூலம் தெரிந்து வாங்கி வைத்திருந்தால், சட்டவிரோதப் பணமாற்றத் தடுப்புச் சட்டம் என்ற வேறு வீட்டின் கதவு அவருக்காகத் திறந்திருக்கிறது. முதல் மாதத்திலேயே, "பணம் வரும், உன் கணக்கில் போட்டுக்கலாம்" என்று பேசி வைத்திருந்தால், அவர் திரும்பவும் நம் கதைக்குள் வந்து விடுகிறார். எல்லாம் அந்தப் பேச்சு எந்தத் தேதியில் நடந்தது என்பதைப் பொறுத்தது.

விளம்பர இடைவேளைக்குப் பிறகு, நம் அரங்கில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர்கள் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். ஸ்டோர்க்காரரைப் பற்றி அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, அதையும் கேட்போம்.